அதே குழந்தையா, வேறு குழந்தையா? முன்–பின் தேர்வுக் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மாலை நேர இலவச வகுப்பு நடத்துகிறவர்கள் கூடும் இடங்களில் இந்த வாக்குவாதம் அடிக்கடி எழுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர், "வகுப்பு தொடங்கும்போது கணக்குத் தேர்வில் சராசரி 50. மூன்று மாதம் கழித்து 56. பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள்" என்கிறார். புள்ளியியல் படித்த இன்னொருவர் கணினியில் எண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆறு மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை, தற்செயலாகவே வரக்கூடியது" என்கிறார். மூன்று மாதம் உழைத்தவரின் முகம் வாடிவிடுகிறது.

இரண்டாமவர் கூட்டலிலும் கழித்தலிலும் தவறு செய்யவில்லை. கணக்கைத் தொடங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை: அந்த 50-ஐ எடுத்த குழந்தைகளும் இந்த 56-ஐ எடுத்த குழந்தைகளும் ஒரே குழந்தைகளா, வேறு வேறு குழந்தைகளா? விடையைப் பொறுத்துக் கணக்கின் முறையே மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் புதிதாகப் படிப்பவருக்கும் புரியும்படி இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

## கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

பல வீடுகளில் கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். பொங்கலுக்கு ஒரு கோடு, ஆடியில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் இருந்தால் பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. ஒரே பிள்ளையை இரண்டு முறை அளந்திருக்கிறோம். மூன்று சென்டிமீட்டர் வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது வேறொரு வழியில் அளப்போம். பொங்கலன்று தெருவில் கண்ணில் பட்ட எட்டுப் பிள்ளைகளை அளந்து சராசரி எடுக்கிறோம். ஆடியில் மறுபடி தெருவுக்குப் போய், கண்ணில் பட்ட வேறு எட்டுப் பிள்ளைகளை அளக்கிறோம். சராசரி மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. தெருப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? ஒரு பிள்ளை 120 சென்டிமீட்டர் இருப்பாள், இன்னொருத்தி 155 இருப்பாள். இரண்டாம் முறை உயரமான பிள்ளைகள் இருவர் கூடுதலாகக் கண்ணில் பட்டிருந்தாலே மூன்று சென்டிமீட்டர் வந்துவிடும்.

முதல் வகை அளவீட்டை இணை மாதிரி என்பார்கள்: முதல் பட்டியலின் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டாம் பட்டியலில் அதற்கே உரிய ஒரு துணை எண் இருக்கிறது. இரண்டாம் வகை சார்பற்ற மாதிரி: ஒரு பட்டியலில் இருப்பவருக்கும் மற்றொன்றில் இருப்பவருக்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டாம் பட்டியலில் உள்ள எண்களை மேலும் கீழுமாகக் கலைத்துப் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஏதாவது கெட்டுப்போகுமா? அமுதாவின் இரண்டாம் மதிப்பெண் பாலுவின் பெயருக்கு எதிரே போய்விட்டது என்றால் கெட்டுவிட்டது. அது இணை மாதிரி. எப்படிக் கலைத்தாலும் எதுவும் இழக்கவில்லை என்றால் சார்பற்ற மாதிரி.

'முன்–பின்' என்ற பெயரைப் பார்த்ததும் இணை மாதிரி என்று முடிவு கட்டிவிடுவது பரவலான தவறு. போன ஆண்டு ஆறாம் வகுப்பு படித்தவர்களின் சராசரியையும் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு படிப்பவர்களின் சராசரியையும் ஒப்பிட்டால், காலத்தால் அது முன்–பின்தான்; ஆனால் பிள்ளைகள் வேறு. இரண்டு பட்டியலிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருப்பதும் சான்றாகாது. முப்பதும் முப்பதும் தற்செயலாக அமையலாம்.

கொரோனாக் காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு வகை ஒப்பீடும் அடுத்தடுத்து வருகின்றன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு அது. பள்ளி மூடியிருந்ததால் எவ்வளவு இழப்பு என்று அறிய, 2021 டிசம்பரில் சோதித்த குழந்தைகளை 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். 2019-இல் எட்டு வயதாக இருந்தவர் 2021-இல் பத்து வயதைத் தொட்டிருப்பார் அல்லவா? ஆகவே ஒவ்வொரு வயதிலும் ஒப்பிடப்பட்டவர்கள் வேறு வேறு பிள்ளைகள். பள்ளி திறந்தபின் எவ்வளவு மீண்டார்கள் என்று அறிய, பிள்ளைகளைத் தொடர்ந்து சந்தித்து மீண்டும் சோதித்தார்கள். அங்கே ஒரே பிள்ளையின் இரண்டு அளவீடுகள் கைக்கு வருகின்றன.

## எட்டுப் பிள்ளைகள், இரண்டு தேர்வுகள்

இனி எண்களுக்கு வருவோம். கீழே உள்ள மதிப்பெண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஒரு மாலை வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். தொடக்கத்தில் ஒரு தேர்வு, மூன்று மாதம் கழித்து அதே கடினத்தில் இன்னொரு தேர்வு, இரண்டும் 100-க்கு.

| பெயர் | முன் | பின் | வேறுபாடு |
|---|---|---|---|
| அமுதா | 22 | 31 | +9 |
| பாலு | 71 | 74 | +3 |
| சித்ரா | 45 | 53 | +8 |
| தினேஷ் | 58 | 65 | +7 |
| ஈஸ்வரி | 34 | 32 | −2 |
| கதிர் | 83 | 89 | +6 |
| மாலா | 50 | 60 | +10 |
| நந்தன் | 37 | 44 | +7 |
| சராசரி | 50 | 56 | +6 |

முதலில் 'முன்' என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். 22-இல் தொடங்கி 83 வரை எண்கள் சிதறிக் கிடக்கின்றன. இந்தச் சிதறலை ஒரே எண்ணில் சொல்வதே திட்ட விலக்கம்: பிள்ளைகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதன் அளவு. முன் தேர்வில் அது 20.1, பின் தேர்வில் 20.2.

அடுத்து கடைசிப் பத்தியைப் படியுங்கள். ஈஸ்வரியைத் தவிர எல்லோரும் 3-க்கும் 10-க்கும் இடையே அடங்கிவிடுகிறார்கள். இந்தப் பத்தியின் திட்ட விலக்கம் 3.9 மட்டுமே. மதிப்பெண்கள் தாறுமாறாக இருக்கின்றன. மாற்றங்களோ ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன.

இணை மாதிரிக் கணக்கு இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எட்டு வேறுபாடுகளின் சராசரி 6. இந்தச் சராசரி எவ்வளவு ஆடக்கூடியது என்று அறிய, திட்ட விலக்கத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுக்கிறோம்: 3.85-ஐ 2.83-ஆல் வகுத்தால் 1.36. இதற்குப் பெயர் திட்டப் பிழை. இதே போன்ற வேறு எட்டுப் பிள்ளைகள் கிடைத்திருந்தால் சராசரி மாற்றம் ஏறத்தாழ இவ்வளவு மேலே கீழே போயிருக்கும் என்பது இதன் பொருள். 6 என்பது 1.36-ஐப் போல் 4.4 மடங்கு. எட்டுப் பேர் கொண்ட இணை மாதிரியில் இந்த மடங்கு சுமார் 2.4-ஐத் தாண்டினாலே, தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது வழக்கமான அளவுகோல். இதையே ஒரு வீச்சாகச் சொன்னால், உண்மையான சராசரி மாற்றம் 2.8-க்கும் 9.2-க்கும் இடையே இருக்கலாம்.

## அதே எண்கள், தவறான கணக்கு

வாக்குவாதத்தில் வந்த இரண்டாமவர், முன் பத்தியை ஒரு கூட்டமாகவும் பின் பத்தியை வேறொரு கூட்டமாகவும் கணினிக்குக் கொடுத்திருப்பார். அப்போது வேறுபாட்டுப் பத்திக்கே வேலை இல்லை. இரண்டு கூட்டங்களிலும் உள்ள 20 மதிப்பெண் சிதறல் அப்படியே கணக்கில் ஏறுகிறது. திட்டப் பிழை 10.1 ஆகிறது. 6 என்பது அதில் 0.6 மடங்குதான். வீச்சு −15.6 முதல் 27.6 வரை விரிந்துவிடுகிறது. பிள்ளைகள் பதினைந்து மதிப்பெண் சரிந்திருக்கலாம், இருபத்தேழு உயர்ந்திருக்கலாம் என்று சொல்லும் கணக்கால் யாருக்கு என்ன பயன்?

எக்செல் விரிதாளில் இந்த இரண்டு கணக்குக்கும் இடையே இருப்பது கடைசி இலக்கம் ஒன்றுதான்:

```
=T.TEST(B2:B9, C2:C9, 2, 1)
=T.TEST(B2:B9, C2:C9, 2, 2)
```

இறுதியில் 1 என்று இட்டால் இணை மாதிரி. 2 என்று இட்டால் சார்பற்ற மாதிரி. முதல் வரி தரும் விடை ஏறத்தாழ 0.003, இரண்டாம் வரி தருவது ஏறத்தாழ 0.56. உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இந்த எண் சொல்கிறது. ஆயிரத்தில் மூன்று எங்கே, நூற்றில் ஐம்பத்தாறு எங்கே! ஓர் இலக்கம் மாறியதில் மூன்று மாத உழைப்பைப் பற்றிய தீர்ப்பே மாறிவிட்டது.

## ஏன் இவ்வளவு வித்தியாசம்

ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணில் மூன்று பங்குகள் கலந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கே உரிய நிலை ஒன்று; கதிர் எப்போதும் எண்பதுகளில் இருப்பான், அமுதா இருபதுகளில் இருப்பாள். இடையில் ஏற்பட்ட மாற்றம் இரண்டாவது. அன்றைய நாளின் ஏற்ற இறக்கம் மூன்றாவது. தலைவலியோடு வந்தது, தெரிந்த கேள்வி வந்தது போன்றவை.

கதிரின் 89-இலிருந்து கதிரின் 83-ஐக் கழிக்கும்போது, இரண்டிலும் பொதுவாக இருந்த அவனுடைய நிலை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது மாற்றமும் அன்றைய ஏற்ற இறக்கமும் மட்டுமே. எட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்தால், 22-க்கும் 83-க்கும் இடையே கிடந்த அந்தப் பெரிய இடைவெளி கணக்கைவிட்டே வெளியேறுகிறது.

சார்பற்ற மாதிரிக் கணக்குக்கு இது தெரியாது. இரண்டாம் தேர்வை எழுதியவர்கள் புதிதாக வந்த எட்டுப் பேர் என்றே அது நினைக்கிறது. 'இந்த முறை கெட்டிக்காரப் பிள்ளைகள் அதிகமாக வந்து சேர்ந்திருக்கலாமே' என்று அது அஞ்சுகிறது. அந்த அச்சத்தின் அளவுதான் 10.1. தெருவில் வேறு பிள்ளைகளை அளந்தபோது அந்த அச்சம் நியாயமானது. இங்கே புதிதாக யாரும் வரவில்லை; வராத ஆட்களுக்காக அஞ்சி, வந்த முன்னேற்றத்தைக் கணக்கு மறைத்துவிட்டது.

இதிலிருந்தே இணை மாதிரியின் எல்லையும் தெரியவரும். முன் தேர்வில் உயர்ந்தவர் பின் தேர்விலும் உயர்ந்தே இருந்தால்தான் கழித்தலால் ஆதாயம். முன் மதிப்பெண்ணுக்கும் பின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லாத அளவுக்குத் தேர்வு தரமற்றதாக இருந்தால், இணைத்துப் பார்ப்பதால் ஒன்றும் கிடைக்காது.

சுருக்கமாக இதுவரை: ஒரே பிள்ளையை இரண்டு முறை அளந்திருந்தால், முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கழித்துவிட்டு, அந்த வேறுபாடுகளின் சிதறலைப் பார்க்க வேண்டும். வேறு வேறு பிள்ளைகள் என்றால், பிள்ளைக்குப் பிள்ளை உள்ள சிதறல் முழுவதையும் சுமந்துகொண்டே ஒப்பிட வேண்டும்.

## வரிசை கலைந்தால் சராசரி காட்டிக்கொடுக்காது

கோட்பாடு புரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. முன் தேர்வு மதிப்பெண்கள் வருகைப் பதிவேட்டின் வரிசையில் இருக்கின்றன. பின் தேர்வைத் திருத்தியவர், அதிக மதிப்பெண்ணிலிருந்து குறைந்தது வரை அடுக்கிக் கொடுத்துவிட்டார். யாரோ அந்தப் பத்தியை அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். இப்போது அமுதாவின் 22-க்கு எதிரே 89, கதிரின் 83-க்கு எதிரே 44.

வேறுபாடுகளின் சராசரியைப் பாருங்கள்: அப்போதும் 6 தான்! எண்களை எப்படிக் கலைத்தாலும் சராசரிகளின் வேறுபாடு மாறாது. அதனால்தான் சராசரியை மட்டும் சரிபார்ப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் வேறுபாடுகள் இப்போது +67-இலிருந்து −39 வரை ஓடுகின்றன. அவற்றின் திட்ட விலக்கம் 3.9-இலிருந்து 31.3-க்குத் தாவிவிடும். கணினியோ எந்தத் தயக்கமும் இன்றி 'இணை மாதிரி' என்ற பெயரிலேயே விடை தரும்.

ஆகவே எந்தக் கணக்கும் போடுவதற்கு முன் வேறுபாட்டுப் பத்தியை ஒவ்வொரு பெயராகப் படித்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் 67 மதிப்பெண் உயர்ந்த பிள்ளை இருந்தால், மகிழ்வதற்கு முன் விடைத்தாளைத் தேடி எடுங்கள். வேறுபாடுகளின் சிதறல், முன் மதிப்பெண்களின் சிதறலைவிடப் பெரிதாக இருந்தாலும் ஏதோ கலைந்திருக்கிறது என்று ஐயப்படலாம்.

பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது என்று பெயரில்லாமல் தேர்வு வைப்பவர்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் யாருடைய தாள் எது என்று தெரியாமல் போனால் இணைக்க வழியில்லை. பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, இரண்டு தேர்விலும் அதையே எழுதச் சொன்னால் கூச்சமும் தீரும், இணையும் காக்கப்படும்.

## பாதியில் நின்றுபோன இருவர்

நம் வகுப்பில் தொடக்கத்தில் பத்துப் பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த இருவரின் முன் மதிப்பெண்கள் 18, 12. வேலைக்குப் போக வேண்டியிருந்ததாலோ வேறு காரணத்தாலோ நடுவிலேயே நின்றுவிட்டார்கள். அறிக்கை எழுதுபவர், முதல் தேர்வு எழுதிய பத்துப் பேரின் சராசரியை எடுக்கிறார்: 43. இரண்டாம் தேர்வு எழுதிய எட்டுப் பேரின் சராசரி 56. "பதின்மூன்று மதிப்பெண் உயர்வு" என்று எழுதிவிடுகிறார்.

எந்தப் பிள்ளையும் பதின்மூன்று மதிப்பெண் உயரவில்லை. அதிகபட்சமாக உயர்ந்த மாலாவே பத்துதான். எட்டுப் பேரின் சராசரி உயர்வான ஆறு போக மிச்ச ஏழு மதிப்பெண், பின்தங்கிய இருவர் பட்டியலிலிருந்து விழுந்ததால் வந்தது. இணை மாதிரிக் கணக்கு இந்தத் தவற்றைத் தடுத்துவிடும். துணை எண் இல்லாதவரை அதால் சேர்த்துக்கொள்ள முடியாது. எக்செல்லில் ஒரு பத்திக்குப் பத்து எண்களும் மற்றொன்றுக்கு எட்டு எண்களும் கொடுத்து இறுதியில் 1 என்று இட்டால் `#N/A` என்ற பிழைதான் வரும். இதைக் கண்டு எரிச்சலடைந்து 1-ஐ 2 ஆக மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். யாருடைய எண் குறைகிறது என்று தேடச் சொல்லும் அறிவிப்பு அது.

அதோடு, எட்டுப் பேரை மட்டும் வைத்துக் கிடைத்த 6, நிலைத்து நின்ற எட்டுப் பேருக்கு மட்டுமே உரியது. அந்த இருவருக்கு இந்த வகுப்பு என்ன செய்தது என்பதற்கு எந்த இணைக் கணக்கும் விடை சொல்லாது. அறிக்கையில் பத்துப் பேர் சேர்ந்தார்கள், எட்டுப் பேர் முடித்தார்கள் என்று எழுதிவிடுவது நேர்மை.

## உயர்ந்தது உண்மை, உயர்த்தியது வகுப்பா?

இணை மாதிரிக் கணக்கு, மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்பது வரை உறுதியாகச் சொல்லும். காரணத்தை அது சொல்லாது. அந்த மூன்று மாதத்தில் பகலில் பள்ளியும் நடந்தது. பிள்ளைகளுக்கு வயது மூன்று மாதம் கூடியது. தேர்வு முறையும் பழகிவிட்டது. மாலை வகுப்பு இல்லாமலே எவ்வளவு உயர்ந்திருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கும் அதே இரண்டு தேர்வுகளை வைக்க வேண்டும்.

வராத எட்டுப் பிள்ளைகளின் மாற்றங்கள் +4, +1, +6, +3, −1, +5, +2, +4 என்று கொள்வோம். சராசரி 3. வகுப்பே இல்லாமல் மூன்று மதிப்பெண் வந்துவிட்டது. ஆக, வகுப்பின் பங்கு என்று கோரக்கூடியது 6-இல் 3-ஐக் கழித்த மிச்சம், 3.

இந்த இடத்தில் எந்தக் கணக்கு? இரண்டு முறையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் முன்–பின் கழித்தல், அது இணை. அப்படிக் கிடைத்த மாற்றங்களை, வந்தவர்கள் எட்டுப் பேர், வராதவர்கள் எட்டுப் பேர் என்று ஒப்பிடுவது சார்பற்ற மாதிரி. வந்த அமுதாவுக்கும் வராத பட்டியலின் முதல் பிள்ளைக்கும் எந்த உறவும் இல்லை; ஒரே வரியில் இருக்கிறார்கள் என்பதற்காக இருவரையும் இணைக்கக் கூடாது.

கணக்கிட்டால் திட்டப் பிழை 1.58. மூன்று என்பது அதைப் போல் 1.9 மடங்கு. எட்டும் எட்டுமாக உள்ள இரண்டு கூட்டங்களில் சுமார் 2.1 மடங்கு வேண்டும், மயிரிழையில் எட்டவில்லை. வீச்சு −0.4 முதல் 6.4 வரை. பயன் இருக்கக்கூடும், ஆனால் பதினாறு பிள்ளைகளை வைத்து உறுதி சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை. சிதறல் இதே அளவில் இருந்து, ஒவ்வொரு பக்கமும் பதினாறு பேர் இருந்திருந்தால் திட்டப் பிழை 1.1 ஆகக் குறைந்திருக்கும். அதே மூன்று மதிப்பெண் 2.7 மடங்காகத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

முன்பு சொன்ன தமிழ்நாட்டு ஆய்வும் இந்த வழியில்தான் நடந்தது. பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில், இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குழந்தைகள் மீட்டுவிட்டதாக அது கண்டது. அந்த மீட்சி முழுவதையும் மாலை வகுப்புகளின் கணக்கில் ஆய்வாளர்கள் எழுதிவிடவில்லை. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளுக்குப் போனவர்களின் முன்னேற்றத்தை, போகாதவர்களின் முன்னேற்றத்தோடு வைத்துப் பார்த்தபின், மொத்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதத்தை மட்டுமே அந்தத் திட்டத்தின் பங்காகச் சொன்னார்கள்.